22 லட்சம் ஆஃபர்: கையில எவ்வளவு வரும்? (குழித்துறை – பெங்களூரு)

22 பிப்ரவரி 2025, இரவு 9.40 | குழித்துறைப் பொண்ணு

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் நாலு வருஷமா வேலை. தினமும் குழித்துறையில இருந்து ரயில்ல போய்வாறேன். இப்போ சிடிசி 8,40,000. மாசம் பேங்க்ல விழுறது 64,800 சொச்சம். பெங்களூருல ஒரு ஸ்டார்ட்அப் ஆஃபர் தந்திருக்கு. லெட்டர்ல கடைசி வரி "மொத்த ஊதியம் 22,00,000". ஏப்ரல் 1 சேரணும். பதில் சொல்ல பத்து நாள் டைம்.

எங்க வீட்டுல அப்பா ரப்பர் வெட்டு. அவருகிட்ட 22 லட்சம்னு சொன்னேன். 12-ஆல வகுத்து 1,83,000 வருமான்னு கேக்கார். எனக்கே தெரியல. லெட்டர்ல இருக்கதை அப்படியே போடுதேன்:

நிலையான ஊதியம் 14,00,000
செயல்திறன் போனஸ் 1,40,000
ஜாயினிங் போனஸ் 1,00,000
ஈசாப் 5,60,000

நிலையான 14 லட்சத்துக்குள்ள: பேசிக் 7,00,000, வீட்டு வாடகைப் படி 2,80,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 3,02,330, கம்பெனி கட்டுற பிஎஃப் 84,000, கிராஜுவிட்டி 33,670.

இதுல எது எனக்க பைசா?

22 பிப்ரவரி, இரவு 10.15 | வடசேரி ஸ்டாக்

யோசிக்கவே வேண்டாம், எடு. 8.4-ல இருந்து 22 எங்க கிடைக்கும்? ஈசாப், அதான் கம்பெனிப் பங்கு வாங்குற உரிமை, அதுதான் நாளைக்கு பெரிய பைசா. எனக்க கூட்டுகாரன் ஒருத்தன் ஈசாப் வித்துத்தான் நாகர்கோவில்ல வீடு வச்சான். பிஎஃப், கிராஜுவிட்டி ரெண்டும் கம்பெனி கண்ணுல காட்டிட்டு எடுத்துக்கிடும். அதை மறந்துரு. பிஎஃப்பை 1,800-க்கு குறைக்கச் சொல்லு, மாசம் கையில கூடும்.

22 பிப்ரவரி, இரவு 11.50 | வேர்கிளம்பி அண்ணன்

பெங்களூருல பதினோரு வருஷம் சம்பளப் பட்டுவாடா டீம்ல இருந்தேன். இந்த மாதிரி லெட்டர் அச்சடிச்சு கையெழுத்து வாங்கினதே எனக்க வேலைதான். அதனால ஒண்ணு சொல்லுதேன் தங்கச்சி: கடைசி வரியை மூடி வச்சிட்டு மேல இருந்து வாசி. கூட்டுத்தொகை போடுறது கம்பெனி. எதை எதோட கூட்டலாம்னு முடிவு பண்ணுறதும் கம்பெனிதான்.

வடசேரித் தம்பி பிஎஃப்பைப் பத்திச் சொன்னது பாதி தப்பு. கம்பெனி கட்டுற 84,000 உனக்க பேர்லதான் போகும். வேலையை விட்டாலும் அது உன்னோடதுதான், மாசச் செலவுக்கு எடுக்க முடியாது, அவ்வளவுதான். கிராஜுவிட்டி வேற. ஐந்து வருஷம் தொடர்ந்து இருந்தால்தான் அது கைக்கு வரும். நாலு வருஷத்துல இறங்கினா அந்த 33,670 வருஷா வருஷம் காகிதத்துல இருந்ததோடு சரி. ஸ்டார்ட்அப்ல ஐந்து வருஷம் நீ இருப்பியான்னு உனக்குத்தான் தெரியும். நான் கணக்குப் போட்டா அதை பூஜ்யம்னு எழுதுவேன்.

அப்போ 14,00,000-ல 84,000-மும் 33,670-மும் போனா 12,82,330. மாசம் 1,06,861. இதுல உன் பங்கு பிஎஃப் 7,000 போகும், கர்நாடகத் தொழில் வரி 200 போகும். வருமான வரி புது முறையில, நிலைக்கழிவு 75,000 போக 12,07,330-க்கு 61,100 வரும், செஸ் சேர்த்தா 63,500. மாசம் 5,300. கையில ஏறக்குறைய 94,350.

அப்பாகிட்ட 1,83,000 இல்ல, 94,000-ன்னு சொல்லு. ஈசாப்பைப் பத்தி நாளைக்கு எழுதுதேன், அது தனிக்கதை.

23 பிப்ரவரி, காலை 6.20 | குளச்சல் கடலோடி

கிராஜுவிட்டி ஐந்து வருஷம் வேணும்னு யார் சொன்னது? நான் தம்மாம்ல பன்னிரண்டு வருஷம். அங்க முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷத்துக்கு அரை மாசச் சம்பளம், பிறகு வருஷத்துக்கு ஒரு மாசம். நானா ராஜினாமா பண்ணினாக்கூட ரெண்டு வருஷம் தாண்டினா மூணுல ஒரு பங்கு உண்டு. அடிச்சுப் பேசி வாங்கணும் மக்களே, விட்டுரக்கூடாது.

23 பிப்ரவரி, காலை 7.05 | வேர்கிளம்பி அண்ணன்

அண்ணாச்சி, நீங்க சொல்லுறது சவுதித் தொழிலாளர் சட்டம். தங்கச்சி போறது பெங்களூருக்கு. இங்க நம்ம நாட்டுச் சட்டம், ஐந்து வருஷம். சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்குல நாலு வருஷம் முடிஞ்சு ஐந்தாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா போதும்னு சொல்லியிருக்கு. எல்லாக் கம்பெனியும் அதை ஒத்துக்கிடாது, நான் இருந்த இடத்துல ஒத்துக்கிடல.

23 பிப்ரவரி, காலை 9.30 | தக்கலை கணக்கு

நான் வரி ஆலோசகராக இருக்கிறேன். வேர்கிளம்பி அண்ணன் வரிக் கணக்கில் ஒரு இடத்தைத் தவறவிட்டிருக்கிறார். அது சின்ன விஷயமில்லை, இந்த ஆஃபரில் அதுதான் முக்கியமான இடம்.

பிப்ரவரி 1 பட்ஜெட்டின்படி 2025-26 நிதியாண்டில், புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை. 12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினால் முழு வரியும் தலையில் விழாது. தாண்டிய தொகைக்கு மேல் வரி கேட்கக்கூடாது என்று ஒரு சலுகை இருக்கிறது. இவருடைய வரிக்குரிய சம்பளம் 12,07,330. தாண்டியது 7,330. எனவே வரி 7,330 மட்டும், செஸ் சேர்த்து 7,623. மாதத்துக்கு 635 ரூபாய். கையில் 99,000 வரும்.

இனி வருவதைக் கவனமாகப் படியுங்கள். முதல் வருடம் ஜாயினிங் போனஸ் ஒரு லட்சம் சேர்ந்தால் வரிக்குரிய தொகை 13,07,330. இப்போது அந்தச் சலுகை போய்விடும். வரி 76,100, செஸ் சேர்த்து 79,143. அதாவது ஒரு லட்சம் போனஸுக்காக வரி 71,520 கூடுகிறது. கையில் மிஞ்சுவது 28,480.

23 பிப்ரவரி, காலை 9.52 | வேர்கிளம்பி அண்ணன்

சரிதான் அக்கா. நான் இறங்கினதுக்குப் பிறகு வந்த பட்ஜெட், பழைய பழக்கத்துல ஸ்லாபை மட்டும் பெருக்கிட்டேன். தங்கச்சி, 94,350-ஐ அடிச்சிட்டு அக்கா கணக்கை எடுத்துக்கோ.

23 பிப்ரவரி, காலை 10.10 | குழித்துறைப் பொண்ணு

அம்மோ! ஒரு லட்சத்துல 28,000-மா? அந்த ஒரு லட்சத்தை வச்சுத்தான் பெங்களூருல ரூம் அட்வான்ஸ் கொடுக்கலாம்னு இருந்தேன்.

23 பிப்ரவரி, மதியம் 1.15 | ஆரல்வாய்மொழி காத்து

ஜாயினிங் போனஸ்னு கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்கும். நான் ஒரு கம்பெனியில சேர்ந்து ஒன்பதாவது மாசம் அம்மாவுக்கு முடியாம ஊருக்கு வந்தேன். வேலையை விட்டேன். ஜாயினிங் போனஸ் ரெண்டு லட்சம், வரி பிடிச்சு எனக்கு வந்தது 1,40,000. திருப்பிக் கேட்டது ரெண்டு லட்சம். லெட்டர்ல "மொத்தத் தொகை"ன்னு ஒரு சொல் இருந்தது, நான் அதை வாசிக்கவே இல்ல. அதுக்குள்ள நிதியாண்டு மாறிட்டு. பிடிச்ச வரியை எங்க போய்க் கேக்க?

உனக்க லெட்டர்ல திருப்பிக் கொடுக்கிற ஷரத்து எப்படி இருக்குன்னு பாரு. ஒரு வருஷத்துக்கு ஒரு நாள் குறைஞ்சாலும் முழுசா கொடுக்கணுமா, இருந்த மாசத்தைக் கழிச்சுட்டு மீதியா, இதைப் பாரு.

23 பிப்ரவரி, மதியம் 2.00 | குழித்துறைப் பொண்ணு

பார்த்தேன் அண்ணே. "12 மாதத்துக்குள் விலகினால் முழு மொத்தத் தொகை." நீங்க சொன்ன அதே சொல்லு.

23 பிப்ரவரி, இரவு 8.45 | வேர்கிளம்பி அண்ணன்

ஈசாப் எழுதுதேன்னு சொன்னேன், இப்போ நேரம் கிடைச்சுது. மழைக்கு கரண்ட் போச்சு, போன்லதான் எழுதுதேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கிடுங்க.

லெட்டர்ல 5,60,000-ன்னு ரூபாய்ல எழுதியிருக்காங்க. எத்தனை ஆப்ஷன்னு எழுதல. இது நல்ல அடையாளம் இல்ல. எச்ஆர்கிட்ட இந்த நாலை மட்டும் மெயில்ல கேளு. போன்ல கேக்காத, எழுத்துல வரணும்.

எத்தனை ஆப்ஷன், அது எத்தனை வருஷத்துக்கு? ஒரு ஆப்ஷனுக்கு நான் கட்ட வேண்டிய விலை எவ்வளவு? கம்பெனியில மொத்தம் எத்தனை பங்கு, ஊழியருக்கு ஒதுக்கினதையும் சேர்த்து? வேலையை விட்டா வாங்கிக்கிட எத்தனை நாள் டைம்?

மூணாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. கேட்டு வை.

ஆப்ஷன்னா பங்கு இல்ல தங்கச்சி. பிற்பாடு ஒரு விலை கொடுத்து பங்கு வாங்கிக்கிடலாம்கிற உரிமை, அவ்வளவுதான். அந்த விலையைக் கழிக்காம மதிப்புன்னு எழுதினா அது மதிப்பே இல்ல.

24 பிப்ரவரி, காலை 11.30 | வடசேரி ஸ்டாக்

அண்ணன் ரொம்பப் பயமுறுத்துறாரு. கம்பெனி மூணு மடங்கு வளர்ந்தா 5.6 லட்சம் 17 லட்சம் ஆகும். ரிஸ்க் எடுக்காம எப்படி?

24 பிப்ரவரி, மதியம் 12.10 | நெய்யூர் நர்ஸ்

நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்குதேன், ஐடி பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு கேக்கேன்: அப்பாவுக்கு என்ன வயசு? இப்போ இருக்கிற கம்பெனியில அப்பா அம்மாவுக்கும் இன்சூரன்ஸ் இருக்கா? புது இடத்துல உண்டா? யாரும் அதைக் கேக்கல.

24 பிப்ரவரி, மதியம் 12.40 | குழித்துறைப் பொண்ணு

அக்கா, அப்பாவுக்கு 61. 2022-ல ஸ்டென்ட் வச்சது. இப்போ கம்பெனி பாலிசியில அம்மாவும் அப்பாவும் இருக்காங்க, நான் ஒண்ணும் கட்டல. புது லெட்டர்ல "குடும்ப மருத்துவக் காப்பீடு 5 லட்சம்"னு மட்டும் இருக்கு. குடும்பம்னா யாருன்னு கேக்கல. மெயில்ல இதையும் சேர்க்கேன்.

24 பிப்ரவரி, மதியம் 1.05 | நெய்யூர் நர்ஸ்

கேளு மக்களே. ஸ்டென்ட் வச்சவருக்கு வெளிய தனியா பாலிசி எடுத்தா, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். கம்பெனி குரூப் பாலிசியில பொதுவா முதல் நாள்ல இருந்தே கிடைக்கும். எங்க ஆஸ்பத்திரியில பில் கவுண்டர்ல நின்னு "பிள்ளை வேலை மாறிட்டான், பாலிசி போச்சு"ன்னு சொன்ன ஆளுங்களை ஒருபாடு பார்த்தாச்சு. ஒரு நாள்கூட இடைவெளி விடாத.

26 பிப்ரவரி, இரவு 7.20 | குழித்துறைப் பொண்ணு

எச்ஆர் பதில் வந்துச்சு. மரியாதையா எழுதியிருக்காங்க, எல்லாத்துக்கும் இல்ல.

ஆப்ஷன் 1,400. நாலு வருஷம், முதல் வருஷம் முடிஞ்சா 350, பிறகு மாசா மாசம். கட்ட வேண்டிய விலை 150 ரூபாய். கடைசியா முதலீட்டாளர் பங்கு வாங்கின விலை 400. அதை 1,400-ஆல பெருக்கித்தான் 5,60,000. மொத்தப் பங்கு எத்தனைன்னு சொல்ல முடியாதாம், ரகசியமாம். வேலையை விட்டா 90 நாள்.

போனஸ்: கடந்த ரெண்டு வருஷம் 80 சதவீதம், 60 சதவீதம் கொடுத்தாங்களாம். கொடுக்கிற நாள்ல வேலையில இருக்கணும்.

இன்சூரன்ஸ்: குடும்பம்னா நான், கணவர், பிள்ளைகள். எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. அப்பா அம்மாவைச் சேர்க்க வருஷம் 32,000 சம்பளத்துல பிடிப்பாங்க. பழைய நோய் முதல் நாள்ல இருந்து உண்டுன்னு எழுதித் தந்துட்டாங்க.

26 பிப்ரவரி, இரவு 9.30 | வேர்கிளம்பி அண்ணன்

இப்போதான் தெளிவாகுது. ரெண்டு விஷயம் நடந்திருக்கு.

ஒண்ணு, நாலு வருஷத்து ஈசாப்பை முழுசா ஒரு வருஷச் சம்பளத்தோட கூட்டிட்டாங்க. நாலால வகுத்தா 1,40,000. அங்கேயே 22 லட்சம் 17.8 ஆயிட்டு. அடுத்தது, நீ கட்டுற 150-ஐக் கழிக்கல. 400-ல 150 போனா 250. 1,400 ஆப்ஷனுக்கு 3,50,000. வருஷத்துக்கு 87,500. அதுவும் 400-ங்கிற விலையை ஒத்துக்கிட்டால். அந்த 400 முதலீட்டாளர் வாங்கின பங்குக்கு. அவங்க பங்கும் உனக்கு வாறதும் ஒரே ஜாதி இல்ல. கம்பெனியை வித்தா அவங்க போட்ட பைசாவை முதல்ல எடுத்துக்கிடுவாங்க, மீதி இருந்தா ஊழியருக்கு. சின்ன விலைக்கு வித்தா மீதி ஒண்ணும் இருக்காது.

இனி 90 நாள் கதையைச் சொல்லுதேன், எனக்கே நடந்தது. ஒரு கம்பெனியை விட்டு இறங்கும்போது எனக்கு ஆப்ஷன் இருந்தது, வாங்கிக்கிட மூணு மாசம். பைசா கட்டினா பங்கு கிடைக்கும், ஆனா யார்கிட்டயும் விக்க முடியாது, பங்குச் சந்தையில இல்லாத கம்பெனி. அதுக்கு மேல வரி வேற. எனக்க மைனி நகையை வச்சுக் கட்டலாமான்னுகூட யோசிச்சேன். கட்டல, உரிமை காலாவதி ஆயிட்டு. அது சரியா தப்பான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது, அந்தக் கம்பெனி இன்னும் சந்தைக்கு வரல.

உனக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரெண்டு வருஷத்துல நீ இறங்கினா 700 ஆப்ஷன் உன்னோடது. வாங்க 1,05,000 கட்டணும். அந்த நேரம் மெர்ச்சன்ட் பேங்கர் பங்கு மதிப்பு 350-ன்னு எழுதினா, வித்தியாசம் 200, பெருக்கினா 1,40,000. இது உனக்க சம்பளமாக் கணக்காகும். வரி விகிதத்தை அக்கா சொல்லட்டும்.

26 பிப்ரவரி, இரவு 10.05 | தக்கலை கணக்கு

அவருடைய நிலையில் 15 சதவீதமும் செஸ்ஸும், சுமார் 21,840. ஆக 1,27,000 கையை விட்டுப் போகும், பதிலுக்கு விற்க முடியாத பங்கு வரும். விற்கும்போது ஆதாயத்துக்குத் தனியாக வரி.

சில ஸ்டார்ட்அப்களுக்கு இந்த வரியைத் தள்ளிப் போடும் சலுகை 2020-ல் இருந்து உண்டு. தனிச் சான்று பெற்ற கம்பெனிகளுக்கு மட்டும். ஆனால் வேலையை விட்டால் அந்தச் சலுகையும் அன்றோடு முடிந்துவிடும். இறங்குகிறவருக்கு அது உதவாது.

27 பிப்ரவரி, காலை 8.15 | வடசேரி ஸ்டாக்

சரி, ஒத்துக்கிடுதேன், வகுக்காம கூட்டினது தப்பு. ஆனா பூஜ்யம்னு போடுறதும் தப்பு. எனக்க கூட்டுகாரன் பூஜ்யம்னு நினைச்சிருந்தா விட்டிருப்பான்.

27 பிப்ரவரி, காலை 8.40 | வேர்கிளம்பி அண்ணன்

தம்பி, உனக்க கூட்டுகாரனை நான் நம்புதேன். ஆனா அவன்கூட சேர்ந்த மத்தவங்க என்ன ஆனாங்கன்னு அவன்கிட்ட ஒருநாள் கேளு. வாடகை கொடுக்கிற கணக்குல ஈசாப்பைச் சேர்க்காதன்னுதான் சொல்லுதேன். வந்தா வரட்டும்.

27 பிப்ரவரி, மாலை 5.50 | தக்கலை கணக்கு

ஜாயினிங் போனஸ் வரி விஷயத்துக்குத் திரும்புகிறேன், நேற்று ராத்திரி அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வழி இருக்கிறது.

புதிய வரி முறையில் மற்ற கழிவுகள் அநேகமாகப் போய்விட்டாலும், கம்பெனி உங்கள் பெயரில் என்பிஎஸ் ஓய்வூதியத் திட்டத்தில் கட்டும் தொகைக்குக் கழிவு உண்டு, பேசிக்கில் 14 சதவீதம் வரை. உங்கள் பேசிக்குக்கு அது 98,000. ஸ்பெஷல் அலவன்ஸில் இருந்து 98,000-ஐ எடுத்து என்பிஎஸ் ஆக மாற்றச் சொல்லுங்கள். கம்பெனிக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

வரிக்குரிய தொகை 13,07,330-ல் இருந்து 12,09,330 ஆகும். வரி, செஸ் சேர்த்து 9,703. முன்பு 79,143. மிச்சம் 69,440. ஆனால் அந்த 98,000 அறுபது வயது வரை பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். உங்களுக்கு 26, 27 வயதிருக்கும். அது சம்மதமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. வடசேரித் தம்பி சொன்னபடி பிஎஃப்பை 1,800-க்குக் குறைத்துவிடாதீர்கள். கம்பெனி பங்கில் 62,400 குறைந்து சம்பளமாக வரும். அது வந்தால் மறுபடி எல்லையைத் தாண்டி வரி 63,900 கூடும். வேறு சம்பளத்தில் அவர் சொன்ன யோசனை சரியாக இருக்கலாம், இந்தச் சம்பளத்தில் இந்த வருடம் இல்லை.

27 பிப்ரவரி, மாலை 6.30 | ஆரல்வாய்மொழி காத்து

98,000-ஐ அறுபது வயசு வரை பூட்டுறதா? எனக்கு மனசு ஒப்பல. அம்மாவுக்கு முடியாம வந்த சமயம் எனக்கு வேண்டியது ரொக்கம்தான்.

27 பிப்ரவரி, மாலை 6.55 | தக்கலை கணக்கு

நியாயமான பயம். ஆனால் கணக்கை இப்படிப் பாருங்கள்: பூட்டாமல் வைத்தாலும் அந்த 98,000-ல் 69,440 வரியாகத்தான் போகும். கையில் மிஞ்சுவது 28,560. அவ்வளவு ரொக்கத்தை விட்டுக்கொடுத்து 98,000 சேமிக்கிறோம். அடுத்த வருடம் ஜாயினிங் போனஸ் இருக்காது, செயல்திறன் போனஸ் வரும், அப்போது திரும்பக் கணக்குப் போட வேண்டும்.

28 பிப்ரவரி, காலை 7.00 | குளச்சல் கடலோடி

இவ்வளவு கணக்குப் போட்டு பெங்களூரு போணுமா? தம்மாம்ல வரியே இல்ல. போற வழிக்காவது சொல்லுங்க, ஐலண்ட் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் கிடைக்கா? எனக்க மருமவன் ஓணத்துக்கு முன்னாடி மூணு தடவை வெயிட்டிங் லிஸ்ட்லயே நின்னுட்டான்.

28 பிப்ரவரி, காலை 7.25 | வேர்கிளம்பி அண்ணன்

அண்ணாச்சி, ஐலண்ட் குழித்துறையிலேயே நிக்கும், திருவனந்தபுரம் சுத்திப் போவும். நாகர்கோவில்ல இருந்து மதுரை வழி வண்டியும் இருக்கு. மாசம் ஒரு தடவை வந்துபோனா அந்தச் செலவையும் தங்கச்சி கணக்குல சேர்க்கணும். பிஜி சாப்பாட்டோட 13,000 ஆகும்னு வையுங்க. நேந்திரங்காய் சிப்ஸ் கொண்டுபோற செலவு தனி.

1 மார்ச், இரவு 9.10 | குழித்துறைப் பொண்ணு

எச்ஆர்கிட்ட மூணு கேட்டேன். என்பிஎஸ் மாத்தித் தருவோம்னு உடனே சொல்லிட்டாங்க. நான்தான் கேட்ட முதல் ஆளாம். ஜாயினிங் போனஸ் ஷரத்தை மாத்திட்டாங்க: மாசக் கணக்குப்படி மீதியை மட்டும், அதுவும் கைக்கு வந்த தொகையில இருந்து திருப்பணும். ஆரல்வாய்மொழி அண்ணே, உங்க கதையை அப்படியே சொன்னேன், பெயர் சொல்லல.

ஈசாப்ல ஒண்ணும் அசையல. 90 நாளை ஒரு வருஷம் ஆக்கக் கேட்டேன், எல்லாருக்கும் ஒரே திட்டம்னு சொல்லிட்டாங்க.

வருஷம் 32,000 கட்டி அப்பாவையும் அம்மாவையும் சேர்க்கப் போறேன். இதை அப்பாகிட்ட சொல்லல, சொன்னா வேண்டாம்னுதான் சொல்வார்.

1 மார்ச், இரவு 9.40 | வேர்கிளம்பி அண்ணன்

கொள்ளாம். ஒண்ணு மறந்துட்டேன், எழுதுதேன். ஆஃபர் லெட்டர்ல இருக்கிற ஈசாப் ஒரு வாக்குதான். போர்டு ஒப்புதல் ஆகி கிராண்ட் லெட்டர்னு தனியா ஒரு காகிதம் வரும், அதுதான் ஆவணம். கட்ட வேண்டிய விலையும் அதுலதான் உறுதியாகும். சட்டப்படி கிராண்ட் ஆன நாள்ல இருந்து குறைஞ்சது ஒரு வருஷம் கழிச்சுத்தான் முதல் பங்கு உன்னோடது ஆகும். சேர்ந்த நாள்ல இருந்து இல்ல. அதனால சேர்ந்ததும் அது எப்போ வரும்னு மாசா மாசம் கேளு.

3 ஜூன் 2025, இரவு 8.20 | குழித்துறைப் பொண்ணு

மூணு மாசம் ஆச்சு, சொல்லாம இருந்தா சரியில்ல. மே மாசச் சம்பளம் பேங்க்ல 88,018. என்பிஎஸ், பிஎஃப், தொழில் வரி, வருமான வரி, அப்பா அம்மா இன்சூரன்ஸ் எல்லாம் போக. அக்கா போட்ட கணக்கோட பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்ல. பழைய சம்பளத்தைவிட 23,000 கூடுதல். பிஜிக்கு 13,500, ஊருக்கு வாற செலவு போக மிச்சம் சின்னதுதான். ஆனா பிஎஃப்பும் என்பிஎஸ்ஸும் சேர்த்து மாசம் 22,000 எனக்க பேர்ல போகுது. டெக்னோபார்க்ல இருந்தப்ப 3,600.

அப்பா இன்னமும் யாராவது கேட்டா 22 லட்சம்னுதான் சொல்லுறார். தடுத்துப் பார்த்தாச்சு.

3 ஜூன், இரவு 9.00 | நெய்யூர் நர்ஸ்

இன்சூரன்ஸ் கார்டை அப்பா கையில ஒரு பிரதி கொடு. பாலிசி எண்ணை அம்மா போன்லயும் போட்டு வை. ராத்திரி ரெண்டு மணிக்கு பெங்களூருக்கு போன் போட்டு எண் கேக்கக்கூடாது.

19 ஆகஸ்ட் 2025, காலை 10.40 | குழித்துறைப் பொண்ணு

கிராண்ட் லெட்டர் வந்துட்டு. தேதி ஆகஸ்ட் 14. ஏப்ரல்ல சேர்ந்தேன், நாலரை மாசம் கழிச்சு. 1,400 ஆப்ஷன், விலை 150 மாறல. முதல் 350 அடுத்த ஆகஸ்ட்லதான்.

வேர்கிளம்பி அண்ணே, இங்க எனக்க டீம்ல ஒருத்தர் போன வாரம் ராஜினாமா கொடுத்தார். அவருக்கு 1,100 ஆப்ஷன் இருக்கு, 90 நாள் ஓடுது. 1,65,000 கட்டணுமாம், வரி தனி. என்கிட்ட என்ன செய்யலாம்னு கேக்கார். நான் என்ன சொல்ல?

19 ஆகஸ்ட், மதியம் 1.30 | வேர்கிளம்பி அண்ணன்

முதல்ல, இப்போதைய மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பு எவ்வளவுன்னு கம்பெனிகிட்ட எழுதிக் கேக்கச் சொல்லு. அது தெரியாம வரி எவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அடுத்ததா, ஊழியர் பங்கைக் கம்பெனியே திரும்ப வாங்கின வரலாறு இருக்கான்னு கேக்கச் சொல்லு. ரெண்டுக்கும் பதில் வந்த பிறகு, அந்தப் பைசா முழுசும் போனா அவர் வீட்டுல அடுப்பு எரியுமான்னு அவரே பார்க்கணும்.

19 ஆகஸ்ட், மதியம் 1.48 | வடசேரி ஸ்டாக்

நான்னா பாதியை வாங்குவேன். 550 மட்டும் வாங்க முடியும்தானே?

19 ஆகஸ்ட், மதியம் 2.05 | வேர்கிளம்பி அண்ணன்

திட்ட விதியில அனுமதி இருந்தா முடியும் தம்பி. எனக்கு அன்னைக்கு இது தோணவே இல்ல.